குழந்தையிடம் கொடுக்கும் முன் அரை மணி நேரம்... அந்தத் தளத்தில் முதலில் நீங்கள் விளையாடிப் பாருங்கள்!

பாளையங்கோட்டையில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். ஐந்தரை வயதுச் சிறுமிக்கு அன்று டி.பி.டி. பூஸ்டர் ஊசி. ஐந்து வயதிலிருந்து ஆறு வயதுக்குள் போட வேண்டிய ஊசி அது. இதற்கு முன் ஊசி போட்டபோதெல்லாம் இரண்டு நிமிடம் அழுதுவிட்டு மிட்டாய்க்கு சமாதானமான குழந்தைதான். அன்று மட்டும் நர்ஸ் கையில் ஊசியைப் பார்த்ததும் மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். எவ்வளவு சொல்லியும் வெளியே வரவில்லை. கடைசியில் ஊசி போடாமலே வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

இரவு சாப்பாடு ஊட்டும்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

"ஊசி போட்டா கண்ணு ரெண்டும் வெளிய வந்து விழுந்துருமாம்மா?"

"யாரு பாப்பா சொன்னா?"

"டேப்லெட்ல வந்துச்சு. பூனைக்கு அப்படித்தான் விழுந்துச்சு."

அம்மா ஒரு அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறார். வீடு திரும்ப மாலை ஆறரை ஆகிவிடும். பள்ளி விட்டு வரும் குழந்தையை ஆச்சிதான் பார்த்துக்கொள்கிறார். பாலைக் குடித்து முடித்ததும் டேப்லெட். அதில் முக்கால் மணி நேரம் பாட்டும் கார்ட்டூனும் ஓடும். ஒரு இணையதளத்தில் பொம்மைக்கு டிரஸ் போடும் கேமும் உண்டு. "நல்ல கார்ட்டூன்தானே பார்க்குறா, சண்டைப் படமா பார்க்குறா?" என்று ஆச்சி கேட்டதில் தப்பே இல்லை. எட்டிப் பார்த்தபோதெல்லாம் திரையில் கார்ட்டூன்தான் இருந்தது.

அன்று இரவு அம்மா யூடியூபின் History பக்கத்தைத் திறந்தார். முதல் வீடியோ தமிழ் மழலைப் பாட்டு. இரண்டாவதும் மூன்றாவதும் அதே சேனல். நான்காவதில் சேனல் மாறியிருந்தது. ஒன்பதாவது வீடியோவில் குழந்தைக்குப் பழக்கமான ஒரு கார்ட்டூன் பூனையைக் கட்டிலில் கட்டிப்போட்டு, ஆள் உயர ஊசியைக் குத்திக்கொண்டிருந்தார்கள். பின்னணியில் அதே குஷியான மழலை இசை. குழந்தை எதையும் தேடவில்லை. ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடும் ஆட்டோபிளேதான் அவளை அங்கே கொண்டுபோய் விட்டிருந்தது.

இந்த மாதிரி வீடியோக்கள் புதிதல்ல. 2017-ல் உலகம் முழுக்க இது பெரிய சர்ச்சையானது. பிரபல கார்ட்டூன் பாத்திரங்களைத் திருட்டுத்தனமாக வரைந்து, ஊசி, ரத்தம், கடத்தல் என்று கதை செய்து, குழந்தைகள் பாடல்களுக்கு நடுவே விட்டிருந்தார்கள். ஏராளமான சேனல்களை அப்போது யூடியூப் நீக்கியது. இருந்தாலும் அந்த ரகம் அடியோடு ஒழிந்துவிடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒரு வேலை செய்தார். குழந்தையைத் தாத்தாவோடு கடைக்கு அனுப்பிவிட்டு, டேப்லெட்டை எடுத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தார். தினமும் பார்க்க விடலாமா என்று முடிவெடுக்கும் முன், தானே ஒரு முறை குழந்தையாக மாறிப் பார்ப்பது என்று திட்டம்.

3+ என்றால் என்ன அர்த்தம்?

பலரும் முதலில் நம்புவது வயது லேபிளைத்தான். ப்ளே ஸ்டோரில் ஒரு கேமின் கீழே Rated for 3+ என்று இருந்தால், மூன்று வயதுக் குழந்தைக்கு ஏற்றது என்று நினைத்துக்கொள்கிறோம். அதன் பொருள் அதுவல்ல. வன்முறை, ஆபாசம், கெட்ட வார்த்தை, சூதாட்டம் போன்றவை அந்த கேமுக்குள் இல்லை என்பதுதான் பொருள். செஸ்ஸுக்கும் 3+ கிடைக்கும். மூன்று வயதில் யாரும் செஸ் ஆடுவதில்லை.

அந்த லேபிள் வரும் வழியும் தெரிந்திருப்பது நல்லது. கேம் செய்தவர் ஒரு கேள்வித்தாளை நிரப்புகிறார். அவர் தந்த பதில்களை வைத்து 3+, 7+, 12+ என்று லேபிள் உருவாகிறது. இடையில் வரும் விளம்பரம் எப்படிப்பட்டது, தோற்றால் எத்தனை முறை காசு கேட்கும் என்பதெல்லாம் அந்த வயது எண்ணில் தெரியாது. அதற்கு லேபிளைத் தொட்டு, விவரத்தில் Users Interact என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், அதில் முன்பின் தெரியாதவர்கள் குழந்தையோடு பேச வாய்ப்பு உண்டு என்று அர்த்தம்.

ஓ.டி.டி. தளங்களில் U, U/A 7+, U/A 13+ என்று வருவது வேறு கணக்கு. 2021-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி அந்தத் தளங்களே தங்கள் படங்களுக்கும் தொடர்களுக்கும் தர வேண்டிய பிரிவு அது. யார் வேண்டுமானாலும் வீடியோ ஏற்றும் யூடியூபுக்கு அந்தப் பிரிவுகள் இல்லை. பிரவுசரில் நேரடியாகத் திறக்கும் இலவச கேம் இணையதளங்களுக்கு ப்ளே ஸ்டோர் லேபிள்கூடக் கிடையாது. பெயரில் 'கிட்ஸ்' என்று சேர்த்துக்கொள்ள யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆகவே அங்கே பரிசோதனை செய்ய வேண்டியவர் வீட்டில் இருக்கும் பெரியவர்தான்.

படிக்கத் தெரியாதவர் போல விளையாடுங்கள்

அந்த டிரஸ் போடும் கேம் தளத்தை அம்மா முதலில் திறந்தார். உடனே விளையாட ஆரம்பிக்காமல் முகப்புப் பக்கத்தை மட்டும் ஐந்து நிமிடம் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பொம்மை டிரஸ், கேக் செய்வது, வண்ணம் தீட்டுவது எல்லாம் இருந்தன. அவற்றுக்கு நடுவிலேயே ஜாம்பி சுடும் கேம், வகுப்பில் டீச்சருக்குத் தெரியாமல் முத்தம் கொடுக்கும் கேம், சுழலும் சக்கரத்தில் பந்தயம் கட்டும் கேம் ஆகியவையும் இருந்தன. எல்லாப் படங்களும் ஒரே அளவு, ஒரே பளபளப்பு.

நாம் ஒரு கேமைத் திறந்து கொடுத்துவிட்டு அதற்குத்தான் அனுமதி கொடுத்ததாக நினைக்கிறோம். குழந்தைக்குக் கிடைப்பது மொத்த முகப்புப் பக்கமும்தான். அதனால் ஒரு தளத்தை அதிலுள்ள நல்ல கேமை வைத்து எடை போடக் கூடாது. ஒரே ஒரு தொடுதலில் போய்ச் சேரக்கூடிய மோசமான கேமை வைத்துத்தான் எடை போட வேண்டும்.

அடுத்த பத்து நிமிடம்தான் முக்கியமான பரிசோதனை. அம்மா ஒரு விதி வைத்துக்கொண்டார். திரையில் இருக்கும் எந்த எழுத்தையும் படிக்கக் கூடாது. பெரிதாக இருப்பதை, மின்னுவதை, அசைவதை மட்டுமே தொட வேண்டும். ஐந்து வயது விரல் அப்படித்தான் போகும்.

பெரிய பச்சை நிறத்தில் PLAY என்று ஒரு பொத்தான். தொட்டால் வேறொரு ஆப்பின் ப்ளே ஸ்டோர் பக்கம் திறந்தது. அது விளம்பரம். உண்மையான பொத்தான் அதற்குக் கீழே சின்னதாக இருந்தது. திரும்பி வந்தால் ஒரு சிறு பெட்டி, Allow, Block என்று கேட்டது. இதில் Allow தொட்டால், கேமை மூடிய பிறகும் அந்தத் தளம் நோட்டிஃபிகேஷன் அனுப்பிக்கொண்டே இருக்கும். இரண்டாவது பொம்மைக்கு டிரஸ் போட்டு முடித்ததும் 30 விநாடி வீடியோ விளம்பரம். கத்தியும் ரத்தமுமாக ஒரு சண்டை கேம். மூடுவதற்கான பெருக்கல் குறி கடுகளவு. அதைத் தொட முயன்றபோது விரல் தவறி இன்னொரு பக்கம் திறந்தது.

பத்து நிமிடத்தில் நான்கு முறை கேமை விட்டு வெளியே போயிருந்தார். பெரியவர்கள் விளையாடும்போது இது தெரிவதே இல்லை. நம் கண் விளம்பரத்தைத் தானாகவே ஒதுக்கிவிடுகிறது. எட்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு விளம்பரம் என்பது நம்மை வாங்க வைக்கும் முயற்சி என்பதே புரியாது என்று அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த குழு 2004-லேயே அறிக்கை தந்திருக்கிறது. அவர்களுக்கு அதுவும் கேமின் ஒரு பகுதிதான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைக்கு, இப்படி ஒரு முறை வெளியே தள்ளும் தளம்கூடத் தனியாக விளையாட ஏற்றதல்ல.

வேண்டுமென்றே தோற்றுப் பாருங்கள்

ஜெயிக்கும்போது எல்லா கேமும் நல்ல கேம்தான். அதன் குணம் தோற்கும்போதுதான் தெரியும். தளத்தில் இருந்த இன்னொரு ஓடும் கேமில் அம்மா வேண்டுமென்றே மோதினார். பொம்மை அழுதது. பத்திலிருந்து எண்கள் குறையத் தொடங்கின. வீடியோ பார்த்தால் உயிர் கிடைக்கும் என்ற படம் துடித்தது. நிறுத்துவதற்கான பொத்தான் மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தது.

சின்னக் குழந்தைக்கு ஏற்ற கேமில் தோற்றால் மறுபடி அதே இடத்தில் முயற்சி செய்யலாம். ஒரு படம் முடிந்தது, ஒரு கதை முடிந்தது என்று நிறுத்த ஓர் இடமும் இருக்கும். முடிவே இல்லாமல் ஓடும், நிறுத்தினால் பொம்மை அழும் கேம் என்றால், "போதும் வா" என்று ஆச்சி கூப்பிடும்போது குழந்தை அழத்தான் செய்வாள். அதைக் குழந்தையின் பிடிவாதம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

கடைசியாக இரண்டு விஷயங்களைப் பார்த்தார். ஒன்று, குழந்தை ஏதாவது எழுதும் இடம் இருக்கிறதா என்பது. பெயர் கேட்கும் கட்டம், சாட் குறி, நண்பராகச் சேர் என்ற அழைப்பு, கமென்ட் பகுதி ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் அந்நியர் உள்ளே வரக் கதவு திறந்திருக்கிறது என்று பொருள். அந்தத் தளத்தில் ஒவ்வொரு கேமுக்கும் கீழே கமென்ட் பகுதி இருந்தது.

இரண்டாவது, பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் Terms அல்லது Privacy Policy. முழுவதும் படிக்க வேண்டியதில்லை. பிரவுசரில் மூன்று புள்ளியைத் தொட்டு, Find in page-ல் 13 என்று போட்டுத் தேடினால் போதும். 13 வயதுக்குக் குறைந்தவர்கள் இந்தத் தளத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. முகப்பில் பொம்மைகள், அடியில் இப்படி ஒரு வரி. தளத்தின் சொந்தக்காரரே குழந்தைகளுக்கானதல்ல என்று சொல்லும்போது அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

அதே முறையில் pbskids.org தளத்தையும் சோதித்தார். அமெரிக்கப் பொது ஒளிபரப்பு நிறுவனமான பி.பி.எஸ். நடத்துவது. கேமுக்கு நடுவே குதிக்கும் விளம்பரமோ, விளையாடக் கணக்குத் தொடங்கச் சொல்லும் கட்டமோ வரவில்லை. குறையும் உண்டு. எல்லாமே ஆங்கிலம், அதுவும் அமெரிக்க உச்சரிப்பு. முதல் சில நாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும். பரவாயில்லை என்று அதில் இரண்டு கேம்களை மட்டும் தேர்ந்தெடுத்தார்.

ஒரு சேனலில் மூன்று வீடியோ

அடுத்தது வீடியோ. இங்கே தினமும் மாறுவது அதிகம். அதனால் ஒரு வீடியோவைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துவிடுவோம். சேனலின் Videos பகுதிக்குப் போனால் Latest, Popular, Oldest என்று பிரித்துப் பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் ஒன்று என மூன்று வீடியோக்களை, ஓட்டிவிடாமல் முழுதாகப் பார்க்க வேண்டும். பழையது சேனல் எப்படித் தொடங்கியது என்று சொல்லும். அதிகம் பார்க்கப்பட்டது எதை வைத்து அது வளர்ந்தது என்று சொல்லும். புதியது இப்போது எங்கே போகிறது என்று சொல்லும். அம்மா பார்த்த ஒரு சேனலில் பழையவை நல்ல பாட்டுகள். புதியவை எல்லாம் பொம்மைப் பெட்டியைப் பிரித்துக் காட்டும் வீடியோக்கள். பேச்சுவாக்கில் விலையும் சொன்னார்கள். அந்தச் சேனல் பட்டியலிலிருந்து போனது.

சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் பார்ப்பதும் நல்ல சோதனை. பாட்டு இல்லாதபோதுதான் காட்சிகள் எவ்வளவு வேகமாக மாறுகின்றன என்று தெரியும். 2011-ல் அமெரிக்காவின் பீடியாட்ரிக்ஸ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. நான்கு வயதுக் குழந்தைகள் 60 பேரைப் பிரித்து, சிலருக்கு அதிவேகக் கார்ட்டூனும், சிலருக்கு நிதானமான கார்ட்டூனும் ஒன்பது நிமிடம் காட்டினார்கள். இன்னும் சிலர் படம் வரைந்தார்கள். அதன் பிறகு பொறுமையும் கவனமும் தேவைப்படும் சிறு வேலைகளைக் கொடுத்தபோது, அதிவேகக் கார்ட்டூன் பார்த்தவர்கள் பின்தங்கினார்கள். பார்த்த உடனே அளந்தது இது. நிரந்தரப் பாதிப்பு என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் வீட்டுப்பாடத்துக்கு முன்னால் எதைப் போட்டுக் கொடுக்கிறோம் என்று யோசிக்க இது போதும்.

யூடியூபில் சில வீடியோக்களின் கீழே கமென்ட் மூடப்பட்டிருக்கும். குழந்தைகளுக்கானது என்று குறிக்கப்பட்ட வீடியோக்களில் 2020 ஜனவரியிலிருந்து கமென்டும், பார்ப்பவரின் பழக்கத்தைப் பின்தொடர்ந்து காட்டும் விளம்பரமும் கிடையாது. ஆனால் அந்தக் குறியைப் பெரும்பாலும் போடுவது வீடியோவை ஏற்றியவர்தான். குழந்தைகளைக் குறிவைத்துச் செய்தது என்பதற்கு அது அடையாளம். நல்ல வீடியோ என்பதற்கான சான்றிதழ் அல்ல.

பூட்டும் சாவியும்

யூடியூப் கிட்ஸ் ஆப்பில் குழந்தைக்குக் கணக்கு அமைக்கும்போது நான்கு வழிகள் வரும். Preschool நான்கு வயது வரை, Younger ஐந்திலிருந்து எட்டு, Older ஒன்பதிலிருந்து பன்னிரண்டு. இந்த மூன்றிலும் வீடியோக்களைப் பெரும்பாலும் கணினியே வடிகட்டுகிறது. தப்பி வருபவையும் உண்டு. நான்காவது வழி Approve content yourself. இதில் பெற்றோர் தேர்ந்தெடுத்த வீடியோவும் சேனலும் மட்டும்தான் தெரியும். குழந்தையால் தேடவும் முடியாது. அம்மா இதைத்தான் எடுத்தார். இரண்டு சேனலும் பதினோரு தனி வீடியோக்களும். சேனலை அனுமதித்தால் அதில் இனிமேல் வருவதும் சேர்ந்தே வரும் என்பதால், முழுதாக நம்பிக்கை வந்த இரண்டை மட்டுமே சேனலாகச் சேர்த்தார்.

இந்த ஆப்பின் மூலையில் ஒரு பூட்டுக் குறி இருக்கும். செட்டிங்கை மாற்ற அதைத் தொட்டால் ஒரு பெருக்கல் கணக்கு கேட்கும். இப்போதைக்கு அது போதும். வாய்ப்பாடு படித்த பிறகு குழந்தையே திறந்துவிடுவாள். அதனால் சொந்தமாக நான்கு எண் பாஸ்கோடு வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவும் செய்த பிறகு பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. அதே டேப்லெட்டில் ஆச்சி பக்திப் பாட்டு கேட்கும் சாதாரண யூடியூப். அந்தச் சிவப்புக் குறி குழந்தைக்கு நன்றாகவே தெரியும்.

"அப்போ நான் கந்த சஷ்டி கேட்க வேண்டாமா?" என்று ஆச்சி கேட்டார்.

"கேளுங்க அத்தை. உங்க போன்ல போட்டுத் தர்றேன். இது பாப்பாவுக்கு மட்டும் இருக்கட்டும்" என்றார் அம்மா.

டேப்லெட்டில் சாதாரண யூடியூபையும் பிரவுசரையும் முடக்கினார். விளையாட்டு நேரத்தில் மட்டும் பிரவுசரைத் திறந்து, அந்தப் பக்கத்தை App pinning மூலம் நிறுத்திவிட்டுக் கொடுக்க ஆச்சிக்குச் சொல்லிக் கொடுத்தார். ஆண்ட்ராய்டு போன், டேப்லெட் செட்டிங்கில் பாதுகாப்புப் பகுதியில் இந்த வசதி இருக்கும். அதிலேயே வெளியேற பின் நம்பர் கேட்கும்படியும் வைத்துவிட்டால், குழந்தையால் அந்த ஆப்பை விட்டு வேறு ஆப்புக்குப் போக முடியாது.

முதல் வாரம் பக்கத்தில் இருங்கள்

தேர்வில் பாஸான தளமும் அந்தக் குழந்தைக்குப் பொருந்துகிறதா என்பது பிறகுதான் தெரியும். முதல் வாரம் மூன்று முறையாவது யாராவது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். இரண்டு முறை கூப்பிட்டதும் நிறுத்த முடிகிறதா? முடித்த பிறகு அதில் வந்ததைச் சொல்ல, வரைய, விளையாட முயல்கிறாளா, அல்லது சிடுசிடுப்புதான் மிஞ்சுகிறதா? தூக்கத்தில் திடுக்கிடுகிறாளா? யாரும் சொல்லித் தராத பயம் ஒன்று பேச்சில் வருகிறதா? இவற்றில் ஒன்று தெரிந்தாலும் திட்டாமல் History-யைத் திறந்து பார்க்க வேண்டும். திட்டினால் அடுத்த முறை பார்த்ததைச் சொல்ல மாட்டாள்.

மாதம் ஒரு முறை பத்து நிமிடம் பழைய பரிசோதனையைத் திரும்பச் செய்வதும் அவசியம். தளம் கை மாறும், விளம்பரம் மாறும், சேனலின் போக்கு மாறும். போன மாதம் பாஸானது இந்த மாதமும் பாஸ் என்று உறுதியில்லை.

பாளையங்கோட்டைச் சிறுமிக்கு ஊசி மூன்று வாரம் கழித்துப் போடப்பட்டது. அதற்கு முன் அம்மா அந்தப் பூனை வீடியோவைப் பற்றி அவளிடம் பேசினார். "அது யாரோ வரைஞ்ச பூனை, பாப்பா. வரைஞ்சவங்க தப்பா வரைஞ்சுட்டாங்க" என்றார். ஒரு பேப்பரும் கலர் பென்சிலும் கொடுத்தார். அவள் கண்கள் பத்திரமாக இருக்கும் ஒரு பூனையை வரைந்தாள். கையில் ஒரு பிளாஸ்திரியும் போட்டுவிட்டாள்.

ஊசி போடும்போது அந்தப் பேப்பரை மடியில் வைத்திருந்தாள். ஊசி ஏறியதும் அழுதாள். ஒரு நிமிடம் கழித்து இரண்டு கண்களையும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு நர்ஸிடம் கேட்டாள்:

"மிட்டாய் இல்லையாக்கா?"